காது உங்களிடம்தான் இருக்கிறது

எங்கள் கலப்பினப் பசு செத்து நான்கு மாதம் ஆகிறது. காப்பீட்டு நிறுவனத்தில் மட்டும் அது இன்னும் 'பரிசீலனையில்' உயிரோடு இருக்கிறது. மாட்டைப் பறிகொடுத்தவன் அழுதால் போதாது, எழுதவும் வேண்டும். மூன்றாவது நினைவூட்டலை எழுதினேன்.

"பசு இறந்தது மார்ச் 3. அன்றே தகவல் சொன்னேன். மறுநாள் காலை உங்கள் ஆய்வாளர் வந்து பார்த்தார், காது வில்லையோடு படம் எடுத்தார், மோரும் குடித்தார். அவர் முன்னிலையில்தான் கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்தார். 11ஆம் தேதி தகவல் கடிதம், பாலிசி, இழப்பீட்டுப் படிவம், பரிசோதனைச் சான்று நான்கையும் கொடுத்தேன். ஒப்புகை நகல் இணைப்பில்."

தேசிய கால்நடை இயக்கத்தின் மானியக் காப்பீட்டுக்கு இந்த நான்கு தாள் போதும், 15 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 12 சதவீதக் கூட்டு வட்டி என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. அதையும் மரியாதையாகச் சேர்த்திருந்தேன்.

பதில் வந்தது: "காது வில்லை எண்ணைச் சரிபார்க்க மாட்டின் சமீபத்திய புகைப்படம் அனுப்பவும்."

வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது இவர்கள் வேதம். அதனால்தான் வில்லையைக் காதோடு அறுத்து அவர்களிடமே ஒப்படைத்தேன். ஒப்புகையில் எண்ணும் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டார்கள். புதைத்த இடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்துத் தென்னை நன்றாகத் தேறியிருக்கிறது.