எட்டுத் தாளும் நாற்பத்தாறு ஸ்லைடும்

தொண்ணூறுகளின் நடுவில் கோவைப் பக்கத்து நூற்பு மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பிப்ரவரி பிறந்தால் அடுத்த ஆண்டு பட்ஜெட் வேலை தொடங்கிவிடும். இயக்குநர் குழுவுக்குக் காட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டர் இருந்தது. அதில் வைக்கும் கண்ணாடித் தாள்களைக் கையால்தான் எழுதுவோம். கடைசி நேரத்தில் ஓர் எண் மாறினால், அதைத் தொட்டு வரும் எல்லாத் தாளையும் துடைத்து மறுபடி எழுத வேண்டும். அதனால் தேவையில்லாத எண் எதுவும் தாளில் ஏறாது. எட்டுத் தாளோடு பட்ஜெட் முடிந்துவிடும்.

முதல் தாளில் லாபம் இருக்காது. நான்கு வரிகள்தான் இருக்கும்: பஞ்சு கேண்டி என்ன விலை, மின்சாரம் யூனிட் என்ன விலை, மில் எத்தனை நாள் ஓடும், நாளைக்கு எவ்வளவு நூல் வரும். எங்கள் சேர்மன் அந்தத் தாளை விட்டு எளிதில் நகர மாட்டார். “இந்த வெல எங்கிருந்துங்க வந்துச்சு?” என்று கேட்பார். பஞ்சு வாங்கும் மேலாளர் எழுந்து, எந்த ஊர் வரத்து எப்படி, எந்தத் தரகர் என்ன சொன்னார் என்று விளக்க வேண்டும். கூட்டத்தில் பாதி நேரம் அங்கேயே போகும். மீதி ஏழு தாளும் அந்த நான்கு வரியிலிருந்து வரும் கணக்கு என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது நான் மேசைக்கு மறுபக்கம், வேறொரு மில்லின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பட்ஜெட் கூட்டத்துக்கு நாற்பத்தாறு ஸ்லைடு வந்தது. ஓர் எண்ணை மாற்றினால் எல்லா ஸ்லைடும் தானே மாறிக்கொள்ளும் காலம் இது. ஆனால் பஞ்சுக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போனபோது, அது நாற்பத்தோராவது ஸ்லைடில், பின்னிணைப்பின் அடிக்குறிப்பில் கிடந்தது: கேண்டிக்கு 56,000 ரூபாய். முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்தது லாபம், 6 கோடி.

அந்த ஓர் எண் எவ்வளவு கனம் என்று பாருங்கள். மில் நாளைக்குப் பத்து டன் நூல் என்று 350 நாள் ஓடினால் 35 லட்சம் கிலோ. நூறு கிலோ பஞ்சு போட்டால் 86 கிலோ நூல் தேறும் என்பது பட்ஜெட் கணக்கு. அப்படியானால் கிட்டத்தட்ட 40.7 லட்சம் கிலோ பஞ்சு வேண்டும். கேண்டி என்பது 356 கிலோ, ஆகவே ஏறக்குறைய 11,430 கேண்டி. கேண்டிக்கு ஆயிரம் ரூபாய் ஏறினால் ஆண்டுக்கு 1 கோடியே 14 லட்சம் செலவு கூடும். மூவாயிரம் ஏறி, நூல் விலை கூடவே ஏறாமல் போனால், ஆறு கோடி லாபத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். 2021 அக்டோபரில் அறுபதாயிரத்தை ஒட்டி இருந்த பஞ்சு, 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் எழுபதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. மூவாயிரம் என்பது இந்தத் தொழிலில் சாதாரண அசைவு.

அதனால் நிதிப் பொறுப்பில் இருந்த தம்பியோடு உட்கார்ந்து வரிசையை மாற்றினோம். உழைப்பாளி, கணக்கில் பிழையே கிடையாது. முதல் ஸ்லைடில் குழுவிடம் என்ன கேட்கிறோம் என்பது. இரண்டாவதில் அந்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, மாறினால் லாபம் எவ்வளவு நகரும் என்பதோடு. மின்சாரத்துக்கும் அதே மாதிரிதான்: கிலோ நூலுக்கு ஐந்து யூனிட் என்றால், யூனிட்டுக்குப் பத்துப் பைசா ஏறினாலே ஆண்டுக்குப் பதினேழரை லட்சம்.

மூன்றாவது ஸ்லைடு, இந்த ஆண்டின் 5 கோடி லாபம் அடுத்த ஆண்டு 6 கோடி ஆவது எப்படி என்பது. அதில் சந்தை தருவது எவ்வளவு, நாம் செய்வது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரித்ததும் விஷயம் வெளியே வந்தது. கூடும் ஒரு கோடியில் 75 லட்சம், நூல் தேறும் அளவு 85-லிருந்து 86 ஆகும் என்ற ஒரே நம்பிக்கையிலிருந்து வந்திருந்தது. நம்பலாமா என்பதற்குக் கழிவு எடை போடும் புத்தகமே சாட்சி. கடைசி ஆறு மாதக் கழிவை எடுத்துவரச் சொன்னோம். இரண்டு மாதம் 86-ஐத் தொட்டிருந்தது, நான்கு மாதம் தொடவில்லை. எண்ணை நாங்கள் மாற்றவில்லை. தொட்ட மாதம், தொடாத மாதம் இரண்டையும் ஸ்லைடில் போட்டோம். விற்பனை, சம்பளம், ஸ்டோர்ஸ், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தலா ஒரு ஸ்லைடு போதும்.

நான் அதிகம் கவலைப்பட்டது ரொக்கத்தைப் பற்றி. நாற்பத்தாறில் ரொக்கத்துக்கு ஒரே ஸ்லைடு, அதுவும் ஆண்டு மொத்தம். லாபம் 6 கோடி, புது ஆட்டோகோனர் 5 கோடி, கடன் இல்லாமல் செப்டம்பரில் வாங்கிவிடலாம் என்று இருந்தது. வரியும் பழைய கடன் தவணையும் போக, தேய்மானத்தைத் திரும்பச் சேர்த்தாலும், ஆண்டுக்குக் கையில் நிற்பது 3 கோடிதான். அதைவிட முக்கியம் மாதக் கணக்கு. பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கும். நல்ல பஞ்சு மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கி, மார்ச் முடிவில் ஐந்து மாதத்துக்கான பஞ்சைக் குடோனில் வைப்பார்கள். அது 26 கோடியே 67 லட்சம். செப்டம்பர் முடிவில் இரண்டு மாதச் சரக்கே இருக்கும், 10 கோடியே 67 லட்சம். சரக்கு மதிப்பில் முக்கால் பங்கை வங்கி தரும், கால் பங்கு மில்லின் சொந்தப் பணம். ஆகவே மார்ச்சில் சரக்கில் மாட்டியிருந்த சொந்தப் பணத்தில் நான்கு கோடி, செப்டம்பருக்குள் கைக்கு வந்துவிடும். அரையாண்டு வரவு ஒன்றரைக் கோடியும் சேர்ந்து ஐந்தரைக் கோடி கணக்கில் தெரியும். இயந்திரம் வாங்க அதுவே தூண்டும்.

ஐந்து கோடியை அப்போது கொடுத்துவிட்டால் மிச்சம் அரைக் கோடி. மார்ச்சுக்குள் இன்னொரு ஒன்றரைக் கோடி வரும், மொத்தம் இரண்டு. பஞ்சுக்குத் தேவையோ நான்கு. குறையும் இரண்டு கோடி சொந்தப் பணத்தோடு வங்கியின் ஆறு கோடியும் நின்றுபோகும். எட்டு கோடிப் பஞ்சு வாங்க முடியாது. ஒன்றரை மாதச் சரக்கு அது. அதைப் பின்னால், வரத்து வற்றிய மாதங்களில், சந்தை சொல்லும் விலைக்கு வாங்க வேண்டிவரும்.

இந்தக் கணக்கைப் பன்னிரண்டு மாதப் பட்டையாக ஒரே ஸ்லைடில் போட்டோம். ஒவ்வொரு மாதமும் சரக்கு மதிப்பு, வங்கி தரும் பங்கு, சொந்தப் பங்கு, கையிருப்பு. மார்ச் பட்டை கோட்டுக்குக் கீழே போவதைப் பார்த்ததும் மேலாண்மை இயக்குநரே, “அப்பக் கடன் வாங்கித்தானுங்க மெஷின் வாங்கோணும்” என்றார்.

மொத்தம் பத்து ஸ்லைடு. மற்றவை இணைப்பாகத் தனியே போயின. கேட்டவர்களுக்கு அதைத் திறந்து காட்டினோம். முன்பு ‘பட்ஜெட் ஒப்புதல்’ என்று மட்டும் இருந்த கோரிக்கையும் மாறியது. ஆட்டோகோனர் விலையில் 75 சதவீதம் வங்கியின் காலக் கடன், மில்லின் பங்கு ஒன்றேகால் கோடி. செப்டம்பர் முடிவில் பஞ்சு கேண்டிக்கு 59,000-க்கு மேல் நின்றால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதப் பட்டையை மறுபடி போட்டுக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வாசகம் அப்படியே தீர்மானத்தில் ஏறியது.