இலங்காபுரியில் தீ, பொம்பா வரவில்லை

எங்கள் வீட்டில் செய்தி வாசிக்கும் உரிமை எனக்குக் கிடையாது. மின்னல் எஃப்எம் செய்தியையே "அத கொஞ்சம் கொறைங்க" என்று அடக்கிவிடுகிற குடும்பத்தில் என் குரலுக்கு ஏது மரியாதை? அதனால்தான், ராமாயணத்தில் ஒரு கட்டத்தைச் செய்தி அறிக்கையாக எழுதி தாமான் தீபாவளி விருந்தில் வாசிக்க முடியுமா என்று கேட்டதும் தலையாட்டிவிட்டேன். கையில் மைக், எதிரே இருக்கிறவர்கள் வாய் நிறைய பிரியாணி. யாரும் குறுக்கே பேச முடியாத சபை ஒரு குடும்பஸ்தனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

"நம்ம கெடா கதைய எடுங்கப்பா" என்றான் மகன். ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சாவைச் சொல்கிறான். மெரோங் மஹாவங்சாவின் கப்பல்களைக் கருடன் தாக்குவதும், அவர் கெடா கரையில் ஒதுங்கி அரசு அமைப்பதும் செய்திக்கு அருமையான சரக்குதான். ஆனால் எங்கள் விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரியாத கதையைக் கேலியாகச் சொன்னால், கேட்பவர் அதையே கதை என்று நம்பிவிட்டுப் போவார். மூலம் மனதில் ஓடிக்கொண்டிருந்தால்தான் கேலி காதில் விழும். கோலா கெடாவில் இருந்துகொண்டு, லங்காவி ஃபெரி கிளம்புவதை நாள்தோறும் பார்க்கிறவனுக்கு, டிக்கெட் எடுக்காமல் கடல் தாண்டிய ஒருவரை விட்டால் வேறு யார் நினைவுக்கு வருவார்? சுந்தர காண்டம் என்று முடிவாயிற்று.

மகேந்திர மலையில் அனுமன் மூச்சை இழுத்து நிற்பதில் தொடங்கி, மைநாகம், சுரசை, சிம்மிகை என்று கடலில் எதையும் விடாமல் எழுதிக்கொண்டு போனேன். மனைவி வாங்கிப் படித்தாள். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனை, நின்ற நாள் வரைக்கும் மரண அறிவிப்பு உட்பட விடாமல் படித்தவள் அவள்.

"தீ எங்கங்க?"

"வரும்மா, நாலாம் பக்கத்துல."

"நாலாம் பக்கத்துல வந்தா அது புராணம். மொத வரியில வந்தாத்தான் செய்தி."

அந்த ஒரு வரியில் என் கடல் பயணம் முழுகியது. புராணம் பிறப்பிலிருந்து நடந்து வரும். செய்தியோ சாம்பலில் தொடங்கி, தீ எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போகும். நிகழ்ச்சிகளைத் தொடவே வேண்டாம், வரிசையைத் திருப்பினாலே பாதிக் கேலி தானாக வந்துவிடுகிறது.

அடுத்த சண்டை கைப்பேசிக்காக. அனுமன் சீதைக்கு ராமன் பேசிய காணொளியைக் காட்டுவதாக ஒரு வரி வைத்திருந்தேன். கைதட்டல் நிச்சயம் என்று நினைத்தேன். "காணொளி இருந்தா மோதிரம் எதுக்கு?" என்றாள். மறுபேச்சு இல்லை. வந்தவன் ராமனின் ஆள்தானா என்று சீதைக்குத் தெரிய வேறு வழி இல்லாததால்தான் கணையாழி வந்தது. கைப்பேசியை உள்ளே விட்டால் கணையாழி போய்விடும், பதிலுக்குக் கொடுத்த சூடாமணி போய்விடும், கடைசியில் அனுமன் தாண்டியதே வீண் என்றாகிவிடும். இந்தக் காலத்துச் சாமான் செய்தியாளரின் வாயில் இருக்கலாம், கதைக்குள் இருக்கக் கூடாது.

அதோடு செய்தி எந்த ஊர்க்காரன் எழுதியது என்ற கேள்வியும் வந்தது. ராமன் பக்கத்து நிருபர் எழுதினால் அது வாழ்த்துப்பாவாகிவிடும். இலங்கை அரண்மனையை அனுசரித்துப் பிழைக்கிற நிருபர் எழுதினால்தான் வேடிக்கை. கடைசியில் அந்த நிருபர் கொடுத்தது இதுதான்:

இலங்காபுரி: நேற்று நகரின் பல பகுதிகளில் பரவிய தீ முழுக் கட்டுப்பாட்டில் இருப்பதாக அரண்மனை வட்டாரம் தெரிவித்தது. எரிவதற்கு மேற்கொண்டு கட்டடங்கள் இல்லாததே இதற்குக் காரணம் எனத் தெரிகிறது.

அசோக வனத்தில் குரங்கு ஒன்று மரங்களைப் பிடுங்குவதாக வந்த புகாரை அடுத்து 80,000 கிங்கரர்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அடுத்துச் சென்ற ஜம்புமாலியும், அமைச்சர்களின் ஏழு புதல்வர்களும், ஐந்து தளபதிகளும் திரும்பவில்லை. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. இளவரசர் அட்சகுமாரர் போரில் உயிர்நீத்தார்.

பின்னர் இந்திரஜித் பிரம்மாஸ்திரத்தால் கட்டிக் கொண்டுவந்த சந்தேகப் பேர்வழி, விசாரணையில் தூதர் எனத் தெரியவந்தது. பயணப் பத்திரம் எதுவும் இல்லை. தூதரைக் கொல்வது முறையல்ல என்று மன்னரின் தம்பி விபீஷணர் வாதாடியதால் தண்டனை வாலோடு நின்றது. வாலில் பழந்துணி சுற்றி, எண்ணெயில் நனைத்துத் தீ வைத்தவர்கள் அரசு ஊழியர்களே. எண்ணெய் போதிய கையிருப்பு உள்ளது. 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயைப் பதுக்க வேண்டாம். பொம்பா ஏன் வரவில்லை என்பதற்கு, அதன் நிலையமும் எரிந்துவிட்டதாகப் பதில் வந்தது.

விபீஷணர் வீட்டுக்கு மட்டும் தீ பரவவில்லை. காரணம் ஆராயப்படுகிறது. வனத்தில் சீதை தங்கியிருந்த மரத்தடிக்கும் சேதமில்லை. குரங்கு யாரென்று தமக்குத் தெரியாது, பாம்பின் கால் பாம்பறியும் என்று அவர் காவல் பெண்களிடம் கூறியுள்ளார்.

இதில் பொம்பாவும் பாக்கெட் எண்ணெயும் மட்டும் நம்மூர்ச் சரக்கு. கிங்கரர் கணக்கு, தப்பிய வீடு, சேதமில்லாத மரத்தடி எல்லாம் வால்மீகியில் உள்ளவை. அந்தப் பாம்புப் பழமொழிகூட அங்கே சீதை வாயிலேயே இருக்கிறது. நான் புகுத்தியது என்று சண்டைக்கு வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு என்மீது இருந்த கோபம் வால்மீகி பக்கம் திரும்பியது.

விபீஷணர் வரிக்குத்தான் கூட்டம் அதிகம் சிரித்தது. அதில் நகைச்சுவை என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் சீக்கிரமே கடல் தாண்டி ராமன் பக்கம் போகப்போகிறார் என்பது சபைக்குத் தெரியும், நிருபருக்குத் தெரியாது. முதலில் அதன் பக்கத்தில், அது தற்செயல் என்று அவர் தரப்பு விளக்கம் தந்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். "அவரு அப்படிச் சொன்னாரா?" என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை. அடித்துவிட்டேன். மோதிரம் கொடுத்ததும் சூடாமணி வாங்கியதும் அறிக்கையில் இல்லாததும் இதே காரணத்தால்தான். அது மரத்தடியில் இருவருக்குள் நடந்தது, அரண்மனை நிருபருக்கு எப்படித் தெரியும்? முக்கியமான செய்தி செய்தியில் வராமல் போவதை நம் ஊர் வாசகர்கள் கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள்.

இது ஒன்றும் புதுக் கலை அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜா வருகையை அறிவித்துக்கொண்டே அதே ராஜாவைக் காலை வாருவான். கிளந்தான் நிழற்கூத்தில் பாக் டோகோலும் வாக் லோங்கும் ராமாயணத் திரைக்குள்ளேயே ஊர்வம்பு பேசுவார்கள். ஆனால் இவர்கள் யாரும் ராவணனை ஜெயிக்க வைப்பதில்லை.

அட்சகுமாரன் வரியில் ஏன் சிரிப்பு வைக்கவில்லை என்று மகன் கேட்டான். செத்தது பிள்ளை. இலங்கைப் பத்திரிகையே ஆனாலும் அந்த இடத்தில் ஒரு வரியோடு நகர்ந்துவிட வேண்டும்.

அடுத்த வருடத்துக்குச் சூர்ப்பணகையை எழுதச் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். மூக்கறுபட்ட பெண்ணைச் செய்தியாக்கிச் சிரிக்க என்ன இருக்கிறது? வேறு யாராவது எழுத முன்வந்தாலும் மைக்கைக் கொடுக்காதீர்கள். கும்பகர்ணனை எழுப்பிய செய்தி என்றால் தயார். என் காலைப் பொழுதைப் பற்றி மனைவியிடம் கேட்டால் தகவல் நிறையக் கிடைக்கும்.