நேற்றைய எதிரி அல்ல, 0.1 விநாடிக்கு முந்தைய எதிரி

கேள்வி: 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: சோர்ஸ்' ஆட்டத்தில் இயல்பு அமைப்பில் சர்வர் விநாடிக்கு 20 முறைதான் நிலவரம் அனுப்புமாமே? பிறகு எதிரி எப்படி வெட்டி வெட்டி நகராமல் சீராக ஓடுகிறான்?

பதில்: நீங்கள் பார்ப்பது இப்போதைய எதிரியையா? அவன் 0.1 விநாடி பழையவன்! வேண்டுமென்றே அவ்வளவு தாமதித்துக் காட்டுவதால், ஏற்கெனவே வந்துசேர்ந்த இரண்டு நிலைகளுக்கு இடையே அவனை நகர்த்த முடிகிறது. நடுவில் ஒரு தகவல் தொலைந்தாலும் ஓட்டம் கெடாது. அடுத்தடுத்து இரண்டு தொலைந்தால்தான் உங்கள் கணினி அவன் இடத்தை ஊகிக்கும்; அதற்குள் அவன் திரும்பியிருந்தால், சரியான தகவல் வந்ததும் வெடுக்கென்று இடம் மாறுவான்.

உங்கள் வீரனுக்கு மட்டும் இந்தத் தாமதம் கிடையாது. பொத்தானை அழுத்தியதுமே, சர்வரைக் கேட்காமல் ஓடுவான். சர்வர் வேறு இடம் சொன்னால், உங்கள் கணினி அங்கிருந்து மிச்சக் கட்டளைகளை மறுபடி ஓட்டிப் பார்த்து, எஞ்சும் பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும்.