ஸ்குவாடைக் கெடுப்பது எப்படி? ஓரகடம் ரூம்வாசிகளுக்கு ஒரு கையேடு

ஒரு ஸ்குவாடைக் கெடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நல்ல ஸ்குவாட் கையில் இருக்க வேண்டும். மாத்தூர், படப்பை, வல்லம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரே ரூமில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அதில் மூன்று பேருக்காவது ஒரே ஷிப்ட் இருக்கும். எல்லார் போனிலும் பிஜிஎம்ஐ இருக்கும். லைனில் நிற்கும்போது பேச முடியாது, போனும் லாக்கரில். அந்த எட்டு மணி நேரப் பேச்சு முழுவதும் சேர்ந்து, பாயில் சாய்ந்து மைக்கைத் திறந்ததும்தான் வெளியே வரும். அதில் முதலில் வருவது வெறும் கலாய்ப்பு. நீங்கள் கெடுக்கப்போவது அதைத்தான் என்பதால் அதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

எரங்கல் மேப், நூறு பேர். பெயிண்ட் ஷாப் தம்பி பொச்சின்கியில் இறங்கி, ஒரு வீட்டுக்குள் புகுந்து லூட் எடுத்துக்கொண்டே இருக்கிறான். ஸோன் சுருங்குவதைக் கவனிக்கவில்லை. கடைசி நேரத்தில் ஓடி வந்து, பாதி வழியில் நாக் ஆகிறான். அசெம்பிளி லைன் அண்ணன் சொல்கிறார்: "கம்பெனி பஸ்ஸத்தான் தெனமும் விடுற, ஸோனையுமாடா விடுவ?" ரூமே சிரிக்கிறது. தம்பி தரையில் தவழ்ந்தபடியே பதில் சொல்கிறான்: "பஸ்ஸ நிறுத்தி வைக்கிறேன்னு சொன்னதே நீதானேண்ணே." அண்ணன் அவனைத் திட்டிக்கொண்டே ஓடி வந்து ரிவைவ் செய்கிறார்.

இதில் அடி விழுந்தது தம்பி ஆடிய விதத்தின் மேல். அவன் திருப்பி அடித்தான், அதற்கும் இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், பேசியவர் பேசிக்கொண்டே காப்பாற்ற வந்தார். நாளைக் காலை இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போக வேண்டியவர்கள். அதனால் நாக்குக்குத் தானாகவே ஒரு பிரேக் இருக்கிறது. உங்கள் வேலை அந்த பிரேக்கைக் கழற்றுவது.

அதற்கு அவசரப்பட்டு எதிரணியிடம் பேசும் பேச்சைக் கையில் எடுக்காதீர்கள். அது வேறு சரக்கு. மைக்கை 'டீம்' என்பதிலிருந்து 'ஆல்' என்பதற்கு மாற்றி, சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகம் தெரியாதவனிடம் "வெளிய வாப்பா, சோறு ஆறுது" என்கிறீர்கள். அவனைச் சீண்டி, மறைவை விட்டு ஓடிவரச் செய்வதுதான் நோக்கம். அவன் வந்தால் உங்களுக்கு ஒரு கில். வராமல், சத்தம் வந்த திசையைக் கணித்து குண்டு எறிந்தால் உங்களுக்கு லாபி. கபடிக் களத்தில் பாடிப் போகிறவனைச் சுற்றி நிற்பவர்கள் சீண்டுவதும் இதே கணக்கில்தான். இதில் உறவு கிடையாது, காப்பாற்றவும் வரமாட்டார்கள். ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு வேலை இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டும் இருக்கும்வரை இதை வைத்துப் பெரிதாக எதையும் கெடுக்க முடியாது.

ஆகவே நம் தொழில் நாலாவது ஆளிடம்தான் தொடங்குகிறது. மூன்று பேர் ரூம்காரர்கள், நாலாவது ரேண்டம். அவனுக்கு நெட்வொர்க் சரியில்லை. பிங் 200 தாண்டிச் சிவப்பாகிறது. குறுக்கே எதிரி ஓடும்போது சிலை மாதிரி நிற்கிறான். உங்கள் மேட்ச் போய்விட்டது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்காத கண் வேறு. இப்போது "எழுந்திரிப்பா, ஷிப்ட் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டால் வாய்ப்பு பாழாகிவிடும். அது இன்னும் அவன் ஆட்டத்தைப் பற்றியதுதான். அவன் ஹிந்தியில் ஏதோ சொல்கிறான், மன்னிப்பாகக்கூட இருக்கலாம். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "வடக்கனுங்க வந்தாலே இப்படித்தான்" என்று தொடங்கி, அவன் அம்மாவரைக்கும் போய்விடுங்கள். பேச்சு அவன் செய்ததிலிருந்து அவன் யார் என்பதற்குத் தாவிவிட்டது. நெட் சரியாகிவிட்டால் நன்றாக ஆடி வாயடைக்கலாம். பிறந்த ஊரை, சாதியை, அம்மாவை எந்த ரிவைவும் மாற்றாது. திருப்பி அடிக்க அவனிடம் மிச்சம் இருப்பது உங்கள் அம்மா மட்டும்தான். (உங்கள் லைனில் அடுத்த ஸ்டேஷனில் பிஹார் பையன் நிற்பதையும், அவன் போல்ட் போட்டால்தான் உங்கள் வேலை நகரும் என்பதையும் அந்த நேரத்தில் நினைக்கக் கூடாது.)

வாயே திறக்காமலும் செய்யலாம். நாக் ஆனவன் தவழ்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். அல்லது காரை எடுத்துக்கொண்டு அவன் இல்லாமல் ஸோனுக்குப் போய்விடுங்கள். மேட்ச் முடிந்தபின் அவன் ஐடியைத் தேடி மெசேஜ் போடுங்கள். ஆட்டத்துக்கு வெளியே தொடரும் பேச்சால் யாருக்கும் ஒரு கில்லும் கிடைக்காது.

மைக்கில் பெண் குரல் கேட்டால் இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. நம்மவர்களில் சிலர் நேராகக் கடைசிப் படிக்கே தாவிவிடுவார்கள். நன்றாக ஆடும் பல பெண்கள் மைக்கை மூடி வைத்துக்கொண்டு ஆடுவது அதனால்தான். ஆள் வருவதை வாயால் சொன்னால் பிழைக்கும் ஸ்குவாட், அவர் சொல்லாததால் சாகும். கெடுப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

நீங்கள் பிறவி நச்சுக்காரராக இல்லையே என்று கவலை வேண்டாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் தன் அரட்டைப் பதிவுகளை ஆராய்ந்ததைப் பற்றி 2016-இல் 'நேச்சர்' இதழ் எழுதியது. எப்போதும் கெட்டபடி நடக்கும் ஆட்கள் செய்தது மொத்தக் கெட்ட நடத்தையில் 13 சதவீதம்தான். மீதி 87 சதவீதம், பெரும்பாலான நாட்களில் ஒழுங்காக ஆடுகிறவர்கள் செய்தது. ஆக, தூக்கம் கெட்ட ஒரு நாளும் சிவந்த பிங்கும் போதும். அதே நிறுவனம் எதிரணி அரட்டையை முதலிலேயே அணைத்து வைத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுப் பார்த்தது. அரட்டை அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, கெட்ட பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒரு பட்டனைத் தேடித் தட்டும் நேரத்துக்குள் கோபம் ஆறிவிடுகிறது போலும். நீங்கள் அதனால் மைக்கை எப்போதும் 'ஆல்'லிலேயே வைத்திருங்கள்.

இதையே தொழிலாக்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. 'பப்ஜி மதன்' என்று அறியப்பட்டவர் தன் யூடியூப் சேனல்களில் ஒன்றுக்கு 'டாக்ஸிக் மதன் 18+' என்றே பெயர் வைத்தார். ஆட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டே பேசுவார். அந்தப் பேச்சுக்காகத்தான் கூட்டம் வந்தது, அதில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரூமில் மூன்று பேர் சிரித்தால் போதும் என்று நிற்கும் நாக்கு, லட்சக்கணக்கானோர் பார்க்கும்போது எங்கே போய் நிற்கும்? பெண்களை ஆபாசமாகப் பேசியதாகப் புகார்கள் வந்து, 2021 ஜூன் மாதம் தருமபுரியில் கைதானார். பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணின் மாண்பை அவமதிக்கும் சொல்லுக்குப் பிரிவு 79 இருக்கிறது, மூன்று ஆண்டுவரை சிறை. கேமில் பேசினால் செல்லாது என்று அதில் எங்கும் எழுதவில்லை.

இந்தக் கையேடு தவறிப்போய் அந்த ரேண்டம் கையில் கிடைத்தால், அவருக்கும் இரண்டு வரி. ஸ்கிரீன் ரெக்கார்டை முதலிலேயே போட்டுவையுங்கள், அடி விழுந்தபின் தேடினால் பதிவு இருக்காது. பேசியவரை மட்டும் மியூட் செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். முடிந்ததும் ரிசல்ட் திரையிலேயே ரிப்போர்ட் அழுத்துங்கள். லாபிக்கு வந்தபின் அவர் பெயரைத் தேடுவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும்.