புது முதலாளியும் ஒரு கோடியும்

சிவகாசியில் புது முதலாளியை அடையாளம் காண்பது சுலபம். தொழில் தொடங்கும் முன்பே விசிட்டிங் கார்டு தயாராகிவிடும். உள்ளூர் ஆப்செட்டில் அடித்ததால் அதில் மயில், முருகன், சங்கு சக்கரம் எல்லாம் இருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியை எழுதி வாங்கியிருப்பார்.

ஆடிட்டர் அவரிடம் முதல் பேலன்ஸ் ஷீட்டை நீட்டும்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நடுவில் உள்ளதைத் தொடமாட்டார். நேரே அடிவரிக்குப் போவார். இடப்பக்கம் ஒரு கோடி, வலப்பக்கம் ஒரு கோடி.

"அப்ப ரெண்டு கோடியா சார்?"

"ஒரே கோடிதான் அண்ணாச்சி. வலப்பக்கம் என்னென்ன கிடக்குன்னு இருக்கு. இடப்பக்கம் அது யார் யார் பணம்னு இருக்கு."

இடப்பக்கத்தில் முதல் வரி, 'மூலதனம் 30 லட்சம்'. அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. "நான் போட்ட காசு சார், அதைப் போய்க் கடனோட சேர்த்துட்டீங்களே!"

"கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது அது. பேங்க் 35, மருந்து, காகிதம் கொடுத்தவங்க 20, ஏஜென்ட் அட்வான்ஸ் 15, இந்த 70 லட்சத்தையும் அடைச்ச பிறகு மிஞ்சினா உங்களுக்கு."

"சரி, அந்த 30-ஐ எடுத்து ஒரு கார்..."

"எங்க இருந்து? கையிலயும் பேங்க்லயும் சேர்த்து 2 லட்சம்."

மீதி 98 லட்சம் வலப்பக்கத்தில் வேறு உருவில் இருந்தது. ஷெட்டும் சாமான்களும் 28, சரக்கு 40, வர வேண்டிய பாக்கி 30. மார்ச் 31-ல் பட்டாசுக்காரர் கணக்கு இப்படித்தான் இருக்கும். பேங்க் பணம் வெடியாகிக் குடோனில் உட்கார்ந்திருக்கும், தீபாவளிக்கோ இன்னும் ஏழு மாதம் இருக்கும். இது தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

பாக்கியில் 12 லட்சம் போன தீபாவளிக்குச் சரக்கு எடுத்த வெளியூர் வியாபாரி தர வேண்டியது. வெடி வெடித்து ஐந்து மாதமாகியும் வராத பணம். சரக்கில் 8 லட்சம், கம்பெனியோடு சேர்ந்து வந்த சரவெடி. சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. அதை விலை போட்டு எழுதிக் கொடுத்தவர் யார்? அண்ணாச்சிதான். இருப்பை எண்ணிக் கொடுப்பது முதலாளி. ஆடிட்டர் குடோனில் படுத்திருப்பதில்லை.

அந்த 20 லட்சத்தையும் அடித்தால் வலப்பக்கம் 80 ஆகும். இடப்பக்கமும் 80 ஆக வேண்டும். பேங்க் ஒரு ரூபாய் குறைக்காது, மருந்துக்கடைக்காரர் குறைக்கமாட்டார். குறைவது ஒரே வரிதான். 30 லட்சம் மூலதனம் 10 ஆனது.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் மொத்தத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆடிட்டரிடம் எந்தப் பாக்கி எத்தனை மாதப் பாக்கி என்று பிரித்து ஒரு பட்டியல் கேளுங்கள். பிறகு குடோன் சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சரக்கை நீங்களே எண்ணுங்கள்.