பந்திக்கு வராத பாறு

கேள்வி: பள்ளியில் உணவுச் சங்கிலி என்று படித்தோம், இப்போது உணவு வலை என்கிறார்கள். சங்கிலி எப்போது அறுந்தது?

பதில்: சங்கிலி அறுபடவில்லை, அது வலையிலிருந்து உருவியெடுத்த ஒற்றை இழை மட்டுமே. புல்லை மாடு தின்பதும் மாட்டைப் புலி தின்பதும் ஒரு கோட்டில் அடங்கும். ஆனால் ஒரு மாடு செத்து விழுந்தால் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகும் நாயும் நரியும் காகமும் ஈயின் புழுக்களும் ஒரே பந்தியில் அமர்வதால், எது எதை உண்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் கிடைப்பது வலைதான்.

கேள்வி: பந்தியில் இத்தனை பேர் இருக்கும்போது பாறு மட்டும் வராவிட்டால் என்ன குறை?

பதில்: சாப்பிட வருபவர்கள் பலர் என்பதால் எல்லோரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று கொள்ள முடியாது. உயரத்தில் வட்டமிடும் பாறுகளில் ஒன்று இரையைக் கண்டு இறங்கியதும், தொலைவில் பறக்கும் மற்றவை அதைப் பார்த்துப் பின்தொடர்வதால், சில மணி நேரத்தில் ஒரு மாட்டின் சடலம் எலும்புக்கூடாகிவிடும். அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது என்பதால், அழுகிய இறைச்சியோடு உள்ளே போகும் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே அழிகின்றன. நாயோ அதே சடலத்தை நாள்கணக்கில் தின்கிறது, மிச்சம் அழுகி நீர்நிலைகளில் கலக்கிறது. கிடைத்த கூடுதல் உணவால் நாய்கள் பெருகுகின்றன, அவற்றோடு வெறிநாய்க்கடியின் அபாயமும் ஊருக்குள் வருகிறது.

கேள்வி: இத்தனை வலிமையான வயிறு கொண்ட பறவை எதைத் தின்று செத்தது?

பதில்: மாட்டுக்குக் கொடுத்த வலிநிவாரணியை. 1990களில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் திரள் திரளாகச் செத்தபோது, தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் சந்தேகிக்கப்பட்டது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற முடியாத கழிவு அது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடையைத் தந்தது: சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பறவைகளின் உடலிலும் டைக்ளோஃபினாக் என்ற மருந்து இருந்தது, வேறு காரணத்தால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் மாடு இறந்தால் அதன் உடலில் மருந்து எஞ்சியிருக்கும். நூறு சடலங்களில் ஒன்றில்கூட நஞ்சு இருக்கவேண்டியதில்லை, அதற்கும் குறைந்த விகிதமே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே சடலத்தில் பெருங்கூட்டமாக உண்ணும் பழக்கமே அவற்றுக்கு எமனாயிற்று. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

கேள்வி: பாறுகள் சரிந்தபின் மனிதர்களின் சாவும் கூடியது என்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் எத்தனையோ மாறியிருக்கும். அந்தச் சாவுகளுக்கும் பாறு இல்லாததே காரணம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: இந்தக் கேள்வியே இது பற்றிய ஆய்வின் உயிர்நாடி. நாய்கள் பெருகுவதற்குக் குப்பை உட்பட வேறு காரணங்களும் உள்ளதால், பாறுகளின் சரிவும் மனித இறப்பின் உயர்வும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பது மட்டும் சான்றாகாது. ஆகவே ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்கள், முன்பு பாறுகள் வாழ ஏற்றதாக இருந்த மாவட்டங்களை, எப்போதுமே அவற்றுக்கு ஒவ்வாத மாவட்டங்களோடு ஒப்பிட்டனர். பறவைகள் சரிந்தபின் முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடியதை 2024இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. ஒவ்வொரு சாவுக்கும் எந்தக் கிருமி காரணம் என்று இந்த முறை சொல்லாது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான மாற்றங்களைக் கழித்துவிட்டுப் பார்ப்பதால், எஞ்சும் வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: அந்த மருந்தைத்தான் தடை செய்துவிட்டார்களே, பாறுகள் ஏன் இன்னும் திரும்பவில்லை?

பதில்: கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006இல் தடைசெய்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின; 2015இல் அவையும் தடுக்கப்பட்டு, ஒரு முறைக்கான சிறு குப்பி மட்டும் அனுமதிக்கப்பட்டது. பிறகு அசெக்ளோஃபினாக் வந்தது. அது மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுவதால், கீட்டோபுரோஃபெனோடு சேர்த்து 2023இல் அதையும் தடைசெய்ய நேர்ந்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து ஏற்கெனவே கடைகளில் கிடைக்கிறது. இனி நஞ்சாகும் மருந்துகள் முற்றிலும் ஒழிந்தாலும் வேகமான மீட்சியை எதிர்பார்க்க இயலாது. ஒரு பாறு இனப்பெருக்கத்துக்கு முதிர ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகின்றன, அதன்பின்னும் ஒரு இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கூடுகளிலும் ஒரு கூட்டுக்கு ஒரு குஞ்சுதான்.