பரீட்சைக்கு முந்தைய இரவு

விடிந்தால் சர்க்யூட் தியரி பரீட்சை. ஐந்து யூனிட்டில் நாலு பாக்கி. இரவு பதினோரு மணிக்கு விடுதித் தம்பியின் இயர்போன் மண்டையைப் போட்டது. யூடியூப் வாத்தியார் வாயசைக்கிறார், சத்தமில்லை. சோதிக்கப் பாட்டுப் போட்டால் தபேலா கேட்கிறது, பாடகரைக் காணோம்.

"பொது எர்த் ஒயர் போயிருக்கும்டா" என்றான் அறைத்தோழன், புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல். அந்த ஒயர் அறுந்தால் இரு காதுக்கும் ஒரேமாதிரி வரும் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்; வித்தியாசமானது மட்டும் மிஞ்சும். வாத்தியார் இரு பக்கமும் ஒன்றாகவே பேசுகிறவர், பாவம்.

தம்பிக்கு வீரம் வந்தது. வயரை வளைத்து வளைத்துப் பார்த்தான். பின்னுக்கு இரண்டு அங்குலம் மேலே மடக்கியபோது ஒரு நொடி குரல் வந்து மறைந்தது. அங்கேயே பிளேடால் உறையைக் கீறினான். சிவப்பும் பச்சையும் நலம். செம்பு நிற ஒயர் இரண்டு துண்டு. முறுக்கினான், மௌனம். அரை மணி நேரம் சீனாக்காரனைத் திட்டிய பிறகுதான் உறைத்தது: தலைமுடிபோன்ற அந்த இழைகளுக்கு அரக்குப் பூச்சு உண்டு, அது மின்சாரத்தை விடாது. லைட்டரில் லேசாகக் காட்டி, கரியைச் சுரண்டி, மறுபடி முறுக்கி, மற்ற ஒயரில் படாமல் டேப் சுற்றினான்.

பாடகர் திரும்பினார். அந்த மகிழ்ச்சியில் பதினேழு பாட்டு. மூன்று மணிக்கு வாத்தியாரைப் போட்டான். கணீரென்ற குரல்: "இதுவரை பார்த்ததை நோட்ஸ் எடுத்திருப்பீங்க..."